600130: நாவலூரா, ஜூரோங்கா?

ஒரு தாளில் 600130 என்று எழுதி, இது எந்த ஊர் என்று சென்னைக்காரர் ஒருவரிடம் கேளுங்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள நாவலூர் என்பார். நாவலூர் நினைவுக்கு வராவிட்டாலும் சென்னை என்றாவது சொல்லிவிடுவார். அதே தாளைச் சிங்கப்பூரில் பல வருடம் வேலை பார்த்த ஒருவரிடம் காட்டினால், ஜூரோங் ஈஸ்ட் ரயில் நிலையத்தை ஒட்டிய ஜூரோங் கேட்வே சாலையில் இருக்கும் 130ஆம் புளோக் என்பார். இருவர் சொல்வதும் சரி. ரஷ்யாவிலோ 600 என்று தொடங்கும் ஆறு இலக்கம் மாஸ்கோவுக்குக் கிழக்கே உள்ள விளாதிமிர் நகரத்தைக் குறிக்கும்.

ஒரே எண் மூன்று நாடுகளில் மூன்று இடம். இது தற்செயல்தான். ஆனால் மூன்று இடத்திலும் அந்த எண் ஒரே வேலையைச் செய்வதில்லை என்பது தற்செயல் அல்ல. நாவலூரின் 600130 ஒரு வட்டாரம் முழுவதையும் தனக்குள் வைத்திருக்கிறது. ஜூரோங்கின் 600130 ஒரே ஒரு கட்டடம். ஒரு நாடு தன் மக்களைத் தேடிக் கண்டுபிடிக்க எதை நம்புகிறது என்பதை அதன் அஞ்சல் குறியீடு சொல்லிவிடும். அது தெரிந்தால், ஒன்றுபோல் தோன்றும் எண்களைப் பிரித்தறிவதும் எளிதாகிவிடும்.

அஞ்சலகம் வரை ஒரு வழி

இந்தியாவின் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதை வகுத்தவர் மத்திய தகவல் தொடர்பு அமைச்சகத்தில் உயர் அதிகாரியாக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலன்கர். சமஸ்கிருதக் கவிஞராகவும் அறியப்பட்டவர். அவர் முன் இருந்த சிக்கல் எல்லோருக்கும் புரியக்கூடியது. ஒரே பெயரில் பல ஊர்கள், ஒரே ஊருக்குப் பல எழுத்துக்கூட்டல், ஒவ்வொரு மாநிலத்திலும் வேறு எழுத்து. தமிழில் முகவரி எழுதிய கடிதம் குவாஹாட்டியில் பிரிக்கப்பட வேண்டுமென்றால், இரு பக்கத்தாருக்கும் தெரிந்த ஒரு பொது மொழி வேண்டும். எண் அந்த மொழியாயிற்று.

ஆறு இலக்கத்தையும் இடமிருந்து வலமாக, படி இறங்குவதுபோல் படிக்க வேண்டும். முதல் இலக்கம் மண்டலம். 6 என்றால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு. 5 என்றால் ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம். 1 முதல் 8 வரை இப்படி நிலப்பகுதிகளுக்கு. 9 இராணுவ அஞ்சலுக்கு. முதல் மூன்று இலக்கம் சேர்ந்தால் கடிதங்கள் பிரிக்கப்படும் மாவட்டம். கடைசி மூன்று, கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் அஞ்சலகம். தியாகராய நகரின் 600017இல் ஒளிந்திருக்கும் 17, பின்கோடு வருவதற்கு முன்பே ‘சென்னை-17’ என்று எழுதி வந்த பழைய எண்தான். புதிய திட்டம் அந்தப் பழக்கத்தை அழிக்காமல் கடைசியில் ஒட்டிக்கொண்டது.

இங்கே ‘மாவட்டம்’ என்றால் ஆட்சியர் அலுவலகம் இருக்கும் மாவட்டம் அல்ல, அஞ்சல் துறையின் மாவட்டம். இந்த வேறுபாட்டைப் புதுச்சேரி அளவுக்குத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை. புதுச்சேரி நகரம் 605001. பக்கத்தில் தமிழ்நாட்டில் இருக்கும் விழுப்புரம் 605602. மாநில எல்லையைத் தாண்டியும் இரண்டுக்கும் அதே 605. ஆனால் அதே யூனியன் பிரதேசத்தின் மற்ற மூன்று பகுதிகளுக்கும் 605 கிடையாது. காரைக்கால் 609602, அது மயிலாடுதுறையின் 609ஓடு சேர்ந்துவிட்டது. மலபார்க் கரையில் இருக்கும் மாஹே 673310; அது கோழிக்கோட்டின் 673. கோதாவரிப் பக்கம் உள்ள ஏனாம் 533464. அது காக்கிநாடாவின் 533. பிரெஞ்சு ஆட்சியால் ஒன்றான நான்கு ஊர்களை அரசியல் வரைபடம் இன்றும் சேர்த்தே வைத்திருக்கிறது. அஞ்சல் பை அந்த வரலாற்றைப் பார்ப்பதில்லை. பை எந்த வண்டியில் ஏறி எந்த ஊரில் இறங்குமோ, அந்த ஊரின் எண்ணே அதற்கு எண்.

அதனால்தான் 2014இல் தெலங்கானா பிரிந்தபோதும் ஹைதராபாத் 500001 ஆகவே நீடித்தது. பின்கோட்டைப் பார்த்து மாநிலத்தை உறுதியாகச் சொல்ல முடியாது. எந்த வழியில் கடிதம் போகும் என்பதைத்தான் சொல்ல முடியும்.

அந்த வழியும் அஞ்சலகத்தின் வாசலோடு நின்றுவிடுகிறது. இந்தியாவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்கள் இருக்கின்றன. பின்கோடுகளோ ஏறத்தாழ 19,000தான். ஒரே எண்ணின் கீழ்ப் பல கிளை அஞ்சலகங்களும் அவற்றைச் சேர்ந்த சிற்றூர்களும் அடங்கும். ஆகவேதான் நம் கிராமத்து முகவரிகளில் இன்னார் மகன், மேலத் தெரு, இன்ன அஞ்சல், இன்ன வழி, இன்ன வட்டம் என்று இத்தனை வரிகள். எண் விட்டுவிடும் இடத்திலிருந்து தபால்காரரின் நினைவு தொடர்கிறது. யார் வீடு எது, யார் வெளியூர் போயிருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும் என்று நம்பி உருவான முறை இது.

கதவு வரை ஓர் எண்

சிங்கப்பூர் அந்த நினைவை நம்பவில்லை. நம்பத் தேவையும் இருக்கவில்லை. 1950இல் அங்கே இரண்டு இலக்க வட்டார எண் வந்தது. 1979இல் அது நான்கு இலக்கமானது. 1995 செப்டம்பர் 1 முதல் ஆறு இலக்கம். ஒவ்வொரு மாற்றத்திலும் எண் சுட்டும் இடம் சுருங்கிக்கொண்டே போய், கடைசியில் ஒரு கட்டடத்தில் வந்து நின்றது. முதல் இரண்டு இலக்கம் பகுதியைச் சொல்லும். மீதி நான்கும் அந்தப் பகுதிக்குள் ஒரு குறிப்பிட்ட கட்டடத்தைச் சொல்லும்.

அங்கே பெரும்பாலானோர் குடியிருப்பது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது ‘வீவக’, கட்டிய அடுக்குமாடிகளில். அந்தக் கட்டடங்களுக்கு ஏற்கெனவே புளோக் எண் இருந்தது. அதையே குறியீட்டின் கடைசி மூன்று இலக்கமாக வைத்துவிட்டார்கள். அங் மோ கியோ நகரின் 102ஆம் புளோக் 560102. ஜூரோங் கேட்வே சாலையின் 130ஆம் புளோக் 600130. அரசே திட்டமிட்டு, அரசே கட்டி, அரசே எண் கொடுத்த நகரத்தில்தான் இப்படி ஒரு குறியீடு இவ்வளவு சுத்தமாக அமையும். வீடு முளைத்த பிறகு தெருவும், தெரு வந்த பிறகு எண்ணும் வரும் ஊர்களில் இது முடியாது.

இந்தியாவும் இப்போது வீட்டு வாசலை நோக்கி நகர்கிறது. 2025இல் அஞ்சல் துறை டிஜிபின் என்ற பத்து எழுத்துக் குறியீட்டை வெளியிட்டது. அது நாடு முழுவதையும் ஏறத்தாழ நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு குறியீடு தருகிறது. அது அட்சரேகை, தீர்க்கரேகையிலிருந்து பிறக்கும் எண், அஞ்சலகத்தைச் சொல்லாது. ஆகவே பின்கோட்டின் இடத்தை அது பிடிக்கவில்லை, பக்கத்தில் நிற்கிறது.

ஆறு இலக்கங்களைப் பிரித்தறிவது

இனி 600130க்கே திரும்புவோம். நாட்டின் பெயர் அழிந்துபோன ஓர் உறை கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தியாவா சிங்கப்பூரா என்று எப்படிச் சொல்வது?

முதலில் எண்ணின் தொடக்கம். இந்தியப் பின்கோடு எதுவும் 0இல் தொடங்காது. சிங்கப்பூரின் பழைய நகர மையத்தில் பல குறியீடுகள் 0இல்தான் தொடங்கும். சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள ஸ்ரீ மாரியம்மன் கோவிலின் குறியீடு 058793. ஆறு இலக்கம் இருந்து முதலில் 0 இருந்தால் இந்தியாவை அங்கேயே விலக்கிவிடலாம். 600130இல் இந்தச் சோதனை உதவாது.

அடுத்தது எண்ணுக்கு மேலே உள்ள வரிகள். சிங்கப்பூர் அடுக்குமாடி முகவரியில் வீட்டைக் குறிக்க #05-123 என்பதுபோல் ஒரு பகுதி இருக்கும். முதலில் மாடி, பிறகு வீட்டு எண். அந்த # அடையாளமும் நடுவில் வரும் சிறு கோடும் சிங்கப்பூரின் கையெழுத்துபோல. நம் ஊர் முகவரியில் கதவு எண் 12/5, பழைய எண், புதிய எண் என்று சாய்கோடுகள் வரும். # இட்டாலும் மாடியும் வீடும் இப்படிச் சேர்ந்து வருவது அரிது.

மூன்றாவது சோதனை எனக்கு மிகப் பிடித்தது. புளோக் எண்ணைக் குறியீட்டின் கடைசி மூன்று இலக்கத்தோடு ஒப்பிடுங்கள். மேலே ‘புளோக் 130’, கீழே ‘600130’ என்றால் ஒரே தகவல் இரண்டு முறை எழுதப்பட்டிருக்கிறது. அது சிங்கப்பூர் வீவக முகவரி. நாவலூரில் ஒரு வீட்டின் கதவு எண்ணுக்கும் 130க்கும் எந்த உறவும் இல்லை. அங்கே 130 அஞ்சலகத்துக்கு உரியது. ஆனால் இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. தனியார் கட்டடங்களுக்கும் கோவில்களுக்கும் கடைசி இலக்கங்கள் கதவு எண்ணோடு பொருந்த வேண்டியதில்லை. மாரியம்மன் கோவிலின் கதவு எண் 244, குறியீடு 058793. பொருந்தினால் சிங்கப்பூர், பொருந்தாவிட்டால் இன்னும் முடிவாகவில்லை, அவ்வளவுதான்.

பெங்களூருக்கும் இதே குழப்பம் உண்டு. 560 என்பது அந்த நகரத்தின் வரிசை. 560102 அங்கே எச்.எஸ்.ஆர். லே-அவுட். சிங்கப்பூரில் அது முன்பு சொன்ன அங் மோ கியோ புளோக். சீனாவிலும் ஆறு இலக்கம்தான். 610 என்று தொடங்கினால் நமக்குத் திருவாரூர்; அங்கே செங்டு பெருநகரம். இவ்விரண்டிலும் எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல வழியே கிடையாது. ஊர்ப்பெயரைப் பார்க்காமல் எண்ணுக்கு முடிவு சொல்லக் கூடாது என்பதற்கு இது போதும்.

ரஷ்யாவின் ஆறு இலக்கம் இன்னொரு கதையைச் சொல்கிறது. அது சோவியத் ஒன்றியம் முழுவதற்கும் ஒரே திட்டமாக இருந்தது. ஒன்றியம் உடைந்த பிறகும் பெலாரஸ், கிர்கிஸ்தான் போன்ற நாடுகள் அந்த வரிசையிலேயே தொடர்கின்றன. மின்ஸ்க் நகரம் 220இல் தொடங்கும், பிஷ்கெக் 720இல் தொடங்கும். உக்ரைன் ஐந்து இலக்கத்துக்குப் போனது. ஆர்மீனியா நான்குக்குப் போனது. எந்த நாடு பழைய வீட்டின் கதவு எண்ணை அப்படியே வைத்துக்கொண்டது, எது மாற்றிக்கொண்டது என்பதை இலக்கங்களின் எண்ணிக்கையே காட்டுகிறது.

மன்னாரும் கிள்ளானும்

ஐந்து இலக்கத்தில் தமிழர்கள் அடிக்கடி சந்திக்கும் இரட்டையர் இலங்கையும் மலேசியாவும். 41000 என்றால் இலங்கையில் மன்னார், மலேசியாவில் கிள்ளான். 40000 யாழ்ப்பாணம், ஷா ஆலமும் அதுவே. 30000 மட்டக்களப்பு, ஈப்போவும் அதுவே. இரு பக்கத்திலும் தமிழர் வாழும் ஊர்கள் என்பதால், ஒரே குடும்பத்தின் முகவரிப் புத்தகத்தில் இரண்டும் அடுத்தடுத்து வர வாய்ப்புண்டு.

இலங்கையின் குறியீடு அந்த நாட்டின் நிர்வாகப் படத்தை அப்படியே எண்ணாக்கியது. முதல் இலக்கம் பெரும்பாலும் மாகாணம், இரண்டாவது மாவட்டம். 4 வட மாகாணம். அதற்குள் யாழ்ப்பாணம் 40000, மன்னார் 41000, முல்லைத்தீவு 42000, வவுனியா 43000, கிளிநொச்சி 44000. 3 கிழக்கு: மட்டக்களப்பு 30000, திருகோணமலை 31000. இந்தியாவில் கடிதம் போகும் வழி எண்ணானது. இலங்கையில் ஆட்சி எல்லை எண்ணானது. கொழும்பு மட்டும் தனி. கொழும்பு-6 என்று மக்கள் சொல்லிவந்த வெள்ளவத்தை 00600 ஆனது. கொழும்பு-7, 00700 ஆனது. சென்னை-17 கடைசியில் ஒட்டிக்கொண்டதுபோல, கொழும்பின் பழைய எண் நடுவில் உட்கார்ந்துகொண்டது.

மலேசியாவின் எண்கள் தீபகற்பத்தின் வடமேற்கு மூலையில் பெர்லிஸில் 01 என்று தொடங்கி, ஏறத்தாழ தெற்கு நோக்கி இறங்கி, ஜொகூரில் 80களை அடைந்து, கடல் தாண்டி சபா, சரவாக்கில் முடிகின்றன. கோலாலம்பூர் 50களில் தொடங்கும், பிரிக்ஃபீல்ட்ஸ் 50470. முருகன் கோவில் உள்ள பத்துமலை 68100. அது சிலாங்கூரைச் சேர்ந்தது.

இரண்டையும் பிரித்தறிய எண்ணைப் பார்க்காதீர்கள், எண் நிற்கும் இடத்தைப் பாருங்கள். மலேசியாவில் எண் ஊருக்கு முன்னால் வரும்: 41000 கிள்ளான், சிலாங்கூர். இலங்கையில் எண் ஊருக்குப் பின்னால் அல்லது கீழே வரும்: மன்னார், 41000. இந்த ஒரு வழக்கம் உலகின் பாதிக் குழப்பத்தைத் தீர்க்கும். ஐரோப்பியக் கண்டத்தின் பெரும்பாலான நாடுகள் எண்ணை ஊருக்கு முன் எழுதும். அமெரிக்கா ஊருக்கும் மாநிலத்தின் இரண்டெழுத்துக்கும் பிறகு எழுதும். 75001 என்ற எண்ணுக்குப் பின்னால் ‘பாரிஸ்’ வந்தால் அது பிரான்ஸ். முன்னால் ஊரும் TX என்ற எழுத்தும் இருந்தால் அது டெக்ஸாஸின் அடிசன். பிரெஞ்சு எண்ணில் 75 பாரிஸ் மாவட்டத்தின் எண், கடைசி இரண்டு இலக்கம் நகர வட்டாரம். தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பல் பகுதி 75010, 75018 என்ற இரு வட்டாரங்களில் பரவியிருக்கிறது. சென்னை-17 செய்ததையே பாரிஸும் செய்திருக்கிறது.

காணாமல் போகும் சுழியம்

ஒன்றுபோல் தோன்றும் எண்களில் பாதி, எண் எழுதியவரின் தவறால் அல்ல, கணினியின் பழக்கத்தால் உண்டாகின்றன. திருமண அழைப்பு அனுப்பவோ, சங்க உறுப்பினர் பட்டியல் தயாரிக்கவோ எக்செல் போன்ற அட்டவணையில் முகவரிகளை ஏற்றும்போது, அது குறியீட்டை ஓர் எண்ணிக்கை என்று எடுத்துக்கொள்கிறது. எண்ணிக்கையில் முன்னால் வரும் சுழியத்துக்கு மதிப்பில்லை. அதனால் அழித்துவிடுகிறது.

மாரியம்மன் கோவிலின் 058793இலிருந்து முதல் சுழியம் போனால் 58793 ஆகும். ஐந்து இலக்கம். 58 கோலாலம்பூரின் வரிசைக்குள் வரும் எண். சிங்கப்பூர்க் கோவில் ஒரு நொடியில் மலேசியாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டதுபோல் ஆகிவிடும். வெள்ளவத்தையின் 00600 இன்னும் பாவம். வெறும் 600 ஆகி, யாரோ சென்னை எண்ணைப் பாதி எழுதி விட்டுவிட்டதுபோல் தெரியும். பட்டியலில் ஒரே நாட்டின் குறியீடுகளில் சில மட்டும் ஓர் இலக்கம் குறைவாக இருந்தால், காரணம் பெரும்பாலும் இதுதான். முன்னால் ஒரு சுழியம் சேர்த்துப் பாருங்கள், ஊர் பொருந்திவிடும்.

வராமல் தடுக்க வழி எளிது. எண்களை உள்ளிடும் முன்பே அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ வகையாக மாற்றிவிட வேண்டும். ஓரிரு எண்தான் என்றால் முன்னால் ஒற்றை மேற்கோள் குறி இட்டால் போதும்:

```
'058793
```

மேற்கோள் குறி அச்சில் வராது, சுழியம் நிற்கும். அஞ்சல் குறியீட்டைக் கூட்டவோ கழிக்கவோ யாரும் போவதில்லை. அது எண்ணால் எழுதிய பெயர். பெயரைப் பெயராகவே வைக்க வேண்டும்.

ஒரே நாட்டில் இரண்டு 5300

குழப்பம் இரண்டு நாட்டுக்கு இடையில்தான் வர வேண்டும் என்பதில்லை. இரண்டு நாடு ஒன்றானாலும் வரும். ஜெர்மனி பிரிந்திருந்தபோது மேற்கும் கிழக்கும் 1960களில் தத்தமக்கென நான்கு இலக்க முறையை வகுத்துக்கொண்டன. மேற்கில் தலைநகர் பான் 5300. கிழக்கில் கவிஞர் கதே வாழ்ந்த வைமார் நகரமும் 5300. எல்லையில் வேலி இருந்தவரை இதனால் பெரிய சிக்கல் இல்லை. 1990 அக்டோபர் 3 அன்று இரு நாடும் இணைந்தபோது, ஒரே நாட்டில் இரண்டு 5300 இருந்தன.

உடனடித் தீர்வாக மேற்கின் எண்களுக்கு முன் W, கிழக்கின் எண்களுக்கு முன் O என்ற எழுத்தைச் சேர்த்து எழுதச் சொன்னார்கள். W-5300 பான், O-5300 வைமார். நாடு ஒன்றாகி மூன்று ஆண்டு ஆகும்வரை, ஒவ்வொரு உறையிலும் மேற்கு, கிழக்கு என்ற பிரிவினையை மக்கள் தம் கையாலேயே எழுதிக்கொண்டிருந்தார்கள். 1993 ஜூலை 1 அன்று நாடு முழுவதற்கும் ஐந்து இலக்கத்தில் புதிய முறை வந்த பிறகே அந்த எழுத்துகள் மறைந்தன. ஜெர்மன் முகவரி ஒன்றில் நான்கு இலக்கம் இருந்தால் அது 1993க்கு முந்தையது. முன்னால் W அல்லது O இருந்தால் அது அந்த மூன்றாண்டு இடைவெளியைச் சேர்ந்தது. பழைய கடிதங்களுக்குக் காலம் குறிக்க இதைவிடக் கச்சிதமான அடையாளம் கிடைப்பது கடினம்.

எழுத்து கலந்தால்

பிரிட்டனும் கனடாவும் எழுத்தையும் எண்ணையும் கலந்து எழுதுகின்றன. இரண்டு நாட்டிலும் தமிழர் நிறைய உண்டு என்பதால் நம்மவர் கையில் இவை அடிக்கடி மாறிப்போகும். கனடாவின் டொரொன்டோவில் ஸ்கார்பரோ பகுதியின் குறியீடு M1 என்று தொடங்கும். பிரிட்டனில் M1 என்றால் மான்செஸ்டர் நகர மையம்.

பிரித்தறிய ஒரு விதி போதும். கடைசி எழுத்தைப் பாருங்கள். கனடாவின் குறியீட்டில் எழுத்தும் எண்ணும் மாறி மாறி வந்து எண்ணில் முடியும்: A1A 1A1. பிரிட்டனின் குறியீட்டில் இரண்டாம் பகுதி எப்போதும் ஓர் எண், பிறகு இரண்டு எழுத்து: W1A 1AA. முதல் பாதி ஒன்றுபோலவே இருக்கலாம். முடிவு ஒருபோதும் ஒன்றாகாது.

எழுத்துகளும் இரண்டு நாட்டில் இரண்டு விதமாகப் பேசுகின்றன. பிரிட்டனின் எழுத்து பெரும்பாலும் ஊரின் பெயரிலிருந்து வருகிறது. M மான்செஸ்டர், B பர்மிங்ஹாம், L லிவர்பூல், E கிழக்கு லண்டன். பழைய ஊர்ப்பெயர்களின் மேல் எழுப்பிய முறை அது. கனடாவின் எழுத்துக்கும் பெயருக்கும் சம்பந்தமில்லை. அட்லாண்டிக் கரையில் நியூஃபவுண்ட்லாந்தில் A என்று தொடங்கி, மேற்கே நகர்ந்து, பசிபிக் கரையில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் V ஆகிறது. டொரொன்டோ அந்த வரிசையின் நடுவில் இருப்பதால் M. கிழக்கிலிருந்து மேற்கே பரந்து கிடக்கும் ஒரு நாடு தன்னை எப்படி அளக்கும் என்று அந்த வரிசை காட்டுகிறது.

கனடா D, F, I, O, Q, U ஆகிய ஆறு எழுத்துகளைப் பயன்படுத்துவதே இல்லை. O எழுத்தா சுழியமா என்ற கேள்வி அங்கே எழவே எழாது. பிரிட்டனில் எழும். வெம்பிளிப் பக்கத்துக் குறியீடான HA0ஐப் பலர் HAO என்று எழுதிவிடுகிறார்கள். HA என்ற ஊர் எழுத்துகளுக்கு அடுத்து வருவது எண்தான் என்று தெரிந்தால் அந்தப் பிழை வராது.

எண்ணே இல்லாத நாடு

வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களுக்கு இதற்கு நேரெதிரான சிக்கல். ஐக்கிய அரபு அமீரகத்தில் அஞ்சல் குறியீடு என்பதே இல்லை. அங்கே கடிதம் வீட்டுக்கு வந்து பழக்கமில்லை. நிறுவனத்தின் அஞ்சல் பெட்டிக்கு வரும். போய் எடுத்துக்கொள்ள வேண்டும். வந்து தங்கி, வேலை பார்த்து, திரும்பிவிடும் தொழிலாளர் நிறைந்த நாட்டில் நிலையான முகவரி வீட்டுக்கு அல்ல, வேலை கொடுப்பவருக்கே இருந்தது. அந்தப் பெட்டி எண் ஐந்து இலக்கத்தில் அமைந்துவிட்டால், பார்ப்பவர் அதை அஞ்சல் குறியீடு என்று நினைத்துவிடுவார். துபாய் முகவரியில் ஐந்து இலக்கம் கண்டால், அதற்கு முன்னால் ‘பி.ஓ. பாக்ஸ்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைப் படிவத்தின் ‘பின்கோடு’ கட்டத்துக்கு மாற்றாமல், முகவரி வரியிலேயே வையுங்கள்.

கடைசி வரிதான் முதல் எண்

இத்தனை வேறுபாட்டையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் கடிதம் எழுதுபவருக்கு இல்லை. ஏனென்றால் அந்தக் குறியீட்டைப் படிக்கப்போவது நம் ஊர் அஞ்சலகம் அல்ல. வெளிநாட்டுக் கடிதம் இங்கே நாட்டின் பெயரை வைத்துத்தான் பிரிக்கப்படுகிறது. 600130 என்பது ஒரு கட்டடமா வட்டாரமா என்ற கேள்விக்கு, சிங்கப்பூரில் பை பிரித்த பிறகுதான் பொருள் உண்டு. நாட்டின் பெயர் இல்லாத உறையில் அந்த எண் நாவலூருக்கே போகும். அதில் யாருடைய பிழையும் இல்லை.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் இருக்கும் உலக அஞ்சல் ஒன்றியமும் இதையே சொல்கிறது: நாட்டின் பெயரைக் கடைசி வரியில், தனியாக, பெரிய எழுத்தில் எழுத வேண்டும். இனி மகளுக்கோ தம்பிக்கோ வெளிநாட்டு முகவரி எழுதும்போது, குறியீட்டை அந்த நாட்டார் எழுதும் இடத்திலேயே, அவர்கள் விடும் இடைவெளியோடு, சுழியத்தை விடாமல் எழுதுங்கள். எழுதி முடித்ததும் கீழே நாட்டின் பெயரைச் சேருங்கள். மற்ற இலக்கமெல்லாம் அதற்குப் பிறகுதான்.